பெயரடைவு: ஒரு பெயருக்கு ஓர் இடம்

பெயரடைவு என்பது நூலின் இறுதியில் வரும் பட்டியல். நூலுக்குள் பேசப்படும் மனிதர்களின் பெயர்கள் அதில் அகரவரிசையில் நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வரும் பக்க எண்கள் இருக்கும். அ, ஆ, க, ச என்று எழுத்துத் தலைப்புகளின் கீழ் பெயர்கள் தொகுக்கப்பட்டிருக்கும். குடும்பப்பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் முன்னே வந்து, கால்புள்ளிக்குப் பிறகு சொந்தப் பெயர் வரும். ராபர்ட் கால்டுவெல் இங்கே ‘கால்டுவெல், ராபர்ட்’ ஆகிறார்.

பெயர்களை வரிசைப்படுத்துவதைக் கணினி ஒரு நொடியில் முடித்துவிடும். அதற்கு முன்பு, ஒவ்வொரு பெயரிலும் எந்தப் பகுதி முன்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. ஒரு மனிதருக்கு அடைவில் ஒரே ஒரு இடம்தான் இருக்க வேண்டும். வாசகர் அவரை வேறு எந்தப் பெயரில் தேடினாலும் அந்த ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். பெயரடைவின் விதிகள் பெரும்பாலும் இந்த இரண்டு தேவைகளிலிருந்து பிறந்தவை.

தமிழ் அகராதிகளின் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூலை எடுத்துக்கொண்டால் வேலையின் எல்லா முடிச்சுகளும் அதில் வந்துவிடும். அந்த வரலாற்றில் ஐரோப்பியப் பாதிரிமார் வருகிறார்கள், ஆங்கிலேய அதிகாரிகள் வருகிறார்கள், யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியர்களும் தஞ்சைப் பகுதிப் புலவர்களும் வருகிறார்கள். சிலருக்குக் குடும்பப்பெயர் உண்டு, சிலருக்குக் கிடையாது, சிலருக்கு இரண்டு பெயர்கள். நூலின் உள்ளடக்கம் 232ஆம் பக்கத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 16 பக்கம் கொண்ட ஃபாரமாக அச்சிட்டால் 15 ஃபாரத்துக்கு 240 பக்கம். மீதமுள்ள 8 பக்கங்கள்தான் அடைவுக்குக் கிடைக்கும் இடம்.

பெயர்களைத் திரட்டுதல்

வேலை தொடங்குவது பக்கம் கட்டி முடித்த இறுதி மெய்ப்பில். அதற்கு முன் தொடங்கினால் உழைப்பு வீணாகும். 40ஆம் பக்கத்தில் ஒரு படம் புதிதாகச் சேர்ந்து இரண்டு பக்கம் தள்ளிப்போனால், அதற்குப் பிந்தைய எல்லா எண்களும் தவறாகிவிடும்.

மெய்ப்பை முதல் பக்கத்திலிருந்து படித்து, பெயர் வரும் இடமெல்லாம் கோடிட வேண்டும். பிறகு ஒரு மனிதருக்கு ஒரு துண்டுச்சீட்டு என்று எழுதிக்கொள்வது பழைய முறை. இப்போது எக்செல் போன்ற அட்டவணையில் ஒரு வரி. எந்த முறையானாலும் நான்கு கட்டங்கள் தேவை: முன்னால் நிற்கும் பெயர், கால்புள்ளிக்குப் பின் வரும் பகுதி, ஆளை அடையாளம் காட்டும் சிறு குறிப்பு, பக்க எண். முதல் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் பின்னால் வரிசைப்படுத்தும்போது தொல்லை வரும்.

கணினியில் ‘தேடு’ கட்டளையைக் கொண்டே திரட்டிவிடலாம் என்று தோன்றும். தமிழில் அது பாதிக் கிணறுதான் தாண்டும். ‘சாமிநாதையர்’ என்று தேடினால் ‘சாமிநாதையரின்’, ‘சாமிநாதையருக்கு’ என்று வேற்றுமை உருபு ஏறிய இடங்கள் கிடைக்காது. உருபு ஏறியதும் ‘ர்’ என்பது ‘ரி’, ‘ரு’ என்று மாறிவிடுகிறது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘சாமிநாதைய’ என்று தேடினால் எல்லாம் அகப்படும். அப்போதும் ‘உ.வே.சா.’ என்று சுருக்கி எழுதிய இடங்களும், வெறுமனே ‘ஐயர்’ என்று குறிப்பிட்ட இடங்களும் தப்பிவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘போப்’ என்று தேடினால் ஜி. யு. போப்போடு ரோமாபுரிப் போப்பாண்டவரும் சேர்ந்து வருவார். ஆகவே தேடல் என்பது கண்ணால் படித்துக் குறித்ததைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

எந்தப் பெயரைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஒருவரைப் பற்றி வாசகருக்கு ஏதாவது ஒரு செய்தி கிடைக்கும் பக்கம் அடைவில் சேரும். ‘கால்டுவெல் காலத்தில்’ என்று காலத்தைக் காட்ட மட்டும் பெயர் வந்திருந்தால் சேர்க்க வேண்டியதில்லை. துணைநூற்பட்டியலில் வரும் ஆசிரியர் பெயர்கள் ஏற்கெனவே அகரவரிசையில் இருப்பதால் அவற்றையும் விட்டுவிடலாம். ஆனால் பெயர் சொல்லாமல் ‘அந்தப் பாதிரியார்’ என்று ஒரு பக்கம் முழுக்க ஒருவரைப் பற்றிப் பேசியிருந்தால், அந்தப் பக்கம் அடைவுக்குள் வந்தாக வேண்டும்.

எந்தப் பெயர் முன்னால்?

ஐரோப்பியப் பெயர்களில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கடைசியில் நிற்பது குடும்பப்பெயர். அதை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். திருக்குறளை ஆங்கிலமாக்கிய ஜி. யு. போப் ‘போப், ஜி. யு.’ ஆகிறார். 1862இல் பேரகராதி வெளியிட்ட மைரன் வின்ஸ்லோ ‘வின்ஸ்லோ, மைரன்’ ஆகிறார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ‘சீகன்பால்கு, பார்த்தலோமேயு’. ராபர்ட் டி நோபிலியில் ‘டி’ என்பது ஓர் ஒட்டு. அதை எங்கே வைப்பது என்பதில் நாட்டுக்கு நாடு, பெயருக்குப் பெயர் வழக்கம் மாறும். தமிழ் வாசகர் ‘நோபிலி’ என்றுதான் தேடுவார் என்பதால், ‘நோபிலி, ராபர்ட் டி’ என்பதே பயன் தரும் வடிவம்.

தமிழ்ப் பெயர்களுக்கு வரும்போது ‘குடும்பப்பெயர் முதலில்’ என்ற விதியை அப்படியே பொருத்த முடியாது. பெரும்பாலான தமிழர்களுக்கு அப்படி ஒரு பெயரே இல்லை. ‘உ. வே. சாமிநாதையர்’ என்பதில் உ. என்பது உத்தமதானபுரம் என்ற ஊர், வே. என்பது தந்தை வேங்கடசுப்பையர். ‘சி. வை. தாமோதரம் பிள்ளை’ என்பதில் சி. என்பது யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி, வை. என்பது தந்தை வைரவநாதர். முன்னால் நிற்கும் இனிஷியல் ஊரையும் தந்தையையும் சொல்கிறது. ஆளுக்கே உரிய பெயர் பின்னால் நிற்கிறது. ஆகவே இனிஷியலைக் கால்புள்ளிக்குப் பின்னே தள்ளி ‘சாமிநாதையர், உ. வே.’, ‘தாமோதரம் பிள்ளை, சி. வை.’ என்று எழுத வேண்டும். பார்வைக்கு ‘போப், ஜி. யு.’ போலவே இருந்தாலும் முன்னால் நிற்பது இங்கே குடும்பப்பெயர் அல்ல, சொந்தப் பெயர்.

இந்த வேறுபாட்டை அறியாமல் ‘கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர்’ என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் பெரிய குளறுபடி நேரும். தாமோதரம் பிள்ளை, வையாபுரிப் பிள்ளை, மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சுந்தரம் பிள்ளை ஆகிய நால்வரும் ‘பிள்ளை’ என்ற ஒரே பெயரின் கீழ் ப வரிசையில் குவிந்துவிடுவார்கள். முதலியார்களெல்லாம் ம-வில் கூடுவார்கள். பிள்ளை, முதலியார், ஐயர் என்பவை சாதிப் பட்டங்கள். பெயரோடு சேர்ந்து வழங்கினால் அதனுடனேயே நிற்கலாம், தாமே தலைமை ஏற்கக் கூடாது. ப வரிசையில் திடீரென்று பத்துப் பதினைந்து பிள்ளைமார் தென்பட்டால், எங்கோ இயந்திரத்தனமாகப் பெயரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

டாக்டர், பேராசிரியர், சர், திரு போன்ற அடைகள் வரிசைக்குக் கணக்கில்லை. ஊர்ப்பெயர் முழுதாக முன்னால் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். நாமக்கல் கவிஞரை ‘ராமலிங்கம் பிள்ளை, வெ. (நாமக்கல் கவிஞர்)’ என்று எழுதி, ந வரிசையில் ‘நாமக்கல் கவிஞர்’ என்ற இடத்திலிருந்து ஒரு வழிகாட்டி வைக்கலாம்.

பட்டம் சில நேரம் பெயரையே விழுங்கிவிடும். ஆறுமுக நாவலரை ‘நாவலர்’ என்றே நூல் நெடுகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவர் இடம் ‘ஆறுமுக நாவலர்’ என்று ஆ-வில்தான். புனைபெயர் விஷயத்தில் அளவுகோல் வேறு. எந்தப் பெயரில் அவர் நூல்களை வாசகர் அறிவாரோ அதுவே தலைமைப் பெயர். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று தேடுகிறவர்கள் குறைவு. ஆகவே அவருக்கு ப வரிசையில் இடம் தந்து, ‘விருத்தாசலம், சொ.’ என்பதை வழிகாட்டியாக்க வேண்டும்.

இந்த நூலில் மிகவும் யோசிக்க வைக்கும் பெயர் ஒன்று உண்டு. 1732இல் சதுரகராதியை முடித்த இத்தாலியப் பாதிரியாரின் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. விதியைப் பார்த்தால் ‘பெஸ்கி, கான்ஸ்டன்டைன் ஜோசப்’ என்று ப-வில் வர வேண்டும். ஆங்கில நூலில் அப்படித்தான் வரும். தமிழ் வாசகர் அவரை வீரமாமுனிவர் என்றே அறிவார். தமிழ் நூலின் அடைவில் ‘வீரமாமுனிவர்’ என்பதே தலைமைப் பெயராகவும், பெஸ்கி வழிகாட்டியாகவும் இருப்பது முறை. விதியும் வாசகர் வழக்கமும் மோதும்போது வழக்கத்துக்கே முதலிடம்.

வேறு நாட்டுப் பெயர்கள் வந்தால் அந்தந்த நாட்டு மரபைப் பார்க்க வேண்டும். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னாலேயே இருக்கிறது. மாவோ சேதுங்கைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, கால்புள்ளியும் தேவையில்லை. ஸ்பானியப் பெயரில் தந்தை வழியும் தாய் வழியுமாக இரண்டு குடும்பப்பெயர்கள் இருக்கும். கேப்ரியல் கார்சியா மார்க்கேசுக்கு இடம் ‘கார்சியா மார்க்கேஸ்’ என்று க-வில். ஐஸ்லாந்துக்காரர்களுக்குத் தமிழர்களைப் போலவே தந்தை பெயரே துணை. அவர்களைச் சொந்தப் பெயரால்தான் வரிசைப்படுத்துவார்கள். பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயரில் ‘ஊ’ என்பது மரியாதைச் சொல். ‘தாண்ட், ஊ’ என்று த-வில் சேர்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் ஒன்றாக்குதல்

ஒருவருடைய பெயரே நூலின் வெவ்வேறு இயல்களில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர் என்று மூன்றும் வரலாம். வின்ஸ்லோ இன்னோர் இயலில் வின்சுலோ ஆகியிருப்பார். தமிழ் மரபில் ர, ல ஆகியவை சொல்லின் முதலில் வராது என்பதால், முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. ராமலிங்கம் என்று ஓரிடத்திலும் இராமலிங்கம் என்று வேறோரிடத்திலும் இருந்தால், ஒரே பெயர் இ-யிலும் ர-விலும் பிரிந்து கிடக்கும். இரண்டுக்கும் இடையே பல பக்க தூரம். வாசகர் ஒரு பாதியைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவார். மறுபாதி இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே வரிசைப்படுத்தும் முன், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வடிவத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். நூலில் பெரும்பான்மையாக வந்த வடிவத்தைக் கொள்ளலாம். அந்த மனிதர் தம் நூல்களில் எப்படி ஒப்பமிட்டார் என்று தெரிந்தால் அது இன்னும் நல்லது. மற்ற வடிவங்கள் வேறு எழுத்தின் கீழ் விழுந்தால் மட்டும் வழிகாட்டி போதும். சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் இரண்டும் ச வரிசையிலேயே இருந்தாலும், இடையில் பல பெயர்கள் புகுந்து ஒரு பக்கம் தள்ளிப்போனால் வழிகாட்டி வைப்பதே நல்லது.

ஒரே பெயருடைய இருவரைப் பிரிப்பது இதன் மறுபக்கம். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தியும் தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தியும் ஒரே நூலில் வந்தால் இனிஷியல்தான் அவர்களைப் பிரிக்கும். இனிஷியலும் ஒன்றாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் ஊர், தொழில், ஆண்டு இவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சீட்டில் மூன்றாவது கட்டம் இதற்காகத்தான்.

தமிழ் வரிசையும் கணினி வரிசையும்

பெயர்கள் உறுதியான பிறகுதான் வரிசைப்படுத்தல். தமிழ் அகராதி வரிசை எல்லோரும் பள்ளியில் படித்தது: உயிர் பன்னிரண்டு, ஆய்தம், பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. ஒவ்வொரு மெய்யிலும் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும், பிறகு அகரம் ஏறியது, ஆகாரம் ஏறியது என்று தொடரும். ஆகவே ‘அப்பர்’ முன்னும் ‘அபிராமி’ பின்னும் வர வேண்டும்.

கணினி எழுத்துகளை எண்களாகச் சேமித்து வைக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்டுள்ள எண் வரிசை, மற்ற இந்திய மொழிகளின் அமைப்பை ஒட்டியது. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ. புள்ளியின் எண்ணோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் அபிராமி முந்திக்கொள்வார், அப்பர் பின்தங்குவார். ‘கபிலர்’, ‘கனகசபை’ என்ற இரண்டையும் கொடுத்தால் கனகசபை முன்னால் வரும். தமிழ் முறைப்படி ப முந்தியது, ன கடைசி எழுத்து. ஆகவே கபிலரே முன்னால் வர வேண்டும்.

தமிழ் வரிசை விதியை உள்ளடக்கிய மென்பொருள்களும் உண்டு. கையில் உள்ளது எந்த வகை என்று அறிய இந்த நான்கு பெயர்களே போதும். அப்பர், அபிராமி, கபிலர், கனகசபை என்று இதே ஒழுங்கில் வந்தால் நம்பலாம். மாறி வந்தால், ஒவ்வோர் எழுத்துக் குழுவையும் கையால் சரிசெய்ய வேண்டும். அடைவு ஒன்றில் இருப்பவை சில நூறு பெயர்கள்தான் என்பதால் அது பெரிய வேலை அல்ல.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு தட்டச்சில் இருக்கிறது. ‘போப்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் (U+0BCB) சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் (U+0BC7, U+0BBE) சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு. ஒரே போப் இரண்டு இடத்தில் வந்து, பக்க எண்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கும். அதேபோல ‘கௌதமர்’ என்பதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அச்சில் வேறுபாடே தெரியாது, ஆனால் பெயர் கெ வரிசைக்குப் போய்விடும். ஒரே பெயர் இரண்டு முறை தென்பட்டால், இரண்டையும் அழித்துவிட்டுப் புதிதாக ஒரு முறை அடிப்பதே எளிய மருந்து.

சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கில் கொள்வதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ‘சுந்தர ராமசாமி’, ‘சுந்தரம் பிள்ளை, பெ.’ என்ற இரு பெயர்களைப் பார்க்கலாம். சொல் சொல்லாக ஒப்பிட்டால் ‘சுந்தர’ என்ற சொல் முடிந்துவிடுவதால் சுந்தர ராமசாமி முன்னால் வருவார். இடைவெளியைப் பொருட்படுத்தாமல் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால், ‘சுந்தர’ என்பதற்கு அடுத்து ஒன்றில் ‘ரா’, மற்றதில் ‘ம்’. ர-வுக்கு ம முந்தியது என்பதால் சுந்தரம் பிள்ளை முன்னேறுவார். இரண்டு முறையும் நடைமுறையில் உள்ளவையே. ஒரே அடைவில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. கால்புள்ளி வரைக்கும் உள்ள பகுதியை முதலில் ஒப்பிட்டு, அது முழுக்க ஒன்றாக இருந்தால் மட்டுமே இனிஷியலைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

எழுத்துத் தலைப்புகள்

உயிரெழுத்து ஒவ்வொன்றும் தனித் தலைப்பாகும். அ வேறு, ஆ வேறு. மெய்யெழுத்தில் ஒரு வரிசைக்கு ஒரு தலைப்பு போதும். ச என்ற தலைப்பின் கீழ் ச, சா, சி முதல் சௌ வரை எல்லாம் அடங்கும். பெயர்கள் ஆயிரத்தைத் தாண்டும் பெரிய அடைவில் மட்டும் ச, சா, சி என்று தனித்தனியே பிரிக்கலாம். பெயர் இல்லாத எழுத்துக்குத் தலைப்பு வேண்டாம். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ப் பெயர் எதுவும் தொடங்காது என்பதால் அவை தாமாகவே விடுபட்டுவிடும்.

ஜ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. எல்லாவற்றையும் வ வரிசைக்குப் பிறகு கடைசியில் வைப்பது ஒன்று. ஜ-வை மட்டும் ச-வுக்கு அடுத்து வைப்பது மற்றொன்று. தலைப்புகளுக்கு எந்த ஒழுங்கைக் கொண்டோமோ, பெயருக்குள்ளும் இனிஷியலிலும் அதையே கொள்ள வேண்டும். ஜ கடைசி என்று தீர்மானித்துவிட்டால் ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ முன்னும் ‘கிருஷ்ணமூர்த்தி, ஜே.’ பின்னும் வருவார்கள்.

பக்க அமைப்பில் இரண்டு பத்தியாகப் பிரித்து, பெயரின் முதல் வரி ஓரத்திலும் தொடர்வரி சற்று உள்ளே தள்ளியும் வருமாறு வைப்பது வழக்கம். எழுத்துத் தலைப்புக்கு மேல் ஒரு வரி இடம் விடலாம். பத்தியின் அடியில் தலைப்பு மட்டும் தனித்து நின்று பெயர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடக் கூடாது. ஒரு வரிசை அடுத்த பக்கத்துக்கும் நீண்டால், பக்கத் தலையில் ‘ச (தொடர்ச்சி)’ என்று போட வேண்டும்.

இதுவரை சொன்ன முடிவுகளின்படி, அகராதி வரலாற்று நூலின் அடைவில் ஒரு பகுதி இப்படி அமையும். பக்க எண்கள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை.

ஆ
ஆறுமுக நாவலர், 118–121

எ
எல்லிஸ், பிரான்சிஸ் வைட், 74–79, 83

க
கால்டுவெல், ராபர்ட், 96–102, 140

ச
சாண்ட்லர், ஜே. எஸ்., 171–174
சாமிநாதையர், உ. வே., 128–133, 176
சீகன்பால்கு, பார்த்தலோமேயு, 22–27

த
தத்துவ போதகர், காண்க: நோபிலி, ராபர்ட் டி
தாமோதரம் பிள்ளை, சி. வை., 122–127

ந
நாவலர், காண்க: ஆறுமுக நாவலர்
நோபிலி, ராபர்ட் டி, 14–17

ப
பெஸ்கி, கான்ஸ்டன்டைன் ஜோசப், காண்க: வீரமாமுனிவர்
போப், ஜி. யு., 108–112, 141

வ
வின்ஸ்லோ, மைரன், 103–107
வீரமாமுனிவர்
  இலக்கணப் பணி, 29–30
  சதுரகராதி, 31–36, 38, 180
  வாழ்க்கை, 28
வையாபுரிப் பிள்ளை, ச., 175–190

ஹ
ஹென்ரிக்ஸ், ஹென்ரிக், 9–12

பக்க எண்களும் வழிகாட்டிகளும்

‘31–36’ என்றால் ஆறு பக்கங்களிலும் பேச்சு அறுபடாமல் தொடர்கிறது என்று பொருள். தொடர்ச்சி இல்லாமல் பக்கத்துக்கு ஒரு முறை பெயர் வந்துபோனால் ‘31, 32, 33’ என்று தனித்தனியே எழுத வேண்டும். முக்கியமானவருக்கு எண்கள் பெருகும்போது, இருபது எண்களை வரிசையாக அடுக்கினால் வாசகர் எதைத் திருப்புவது என்று தெரியாமல் விட்டுவிடுவார். எண்கள் ஆறேழைத் தாண்டினால், அல்லது ஒருவரைப் பற்றிய செய்திகள் வெவ்வேறு பொருள்களாகப் பிரிந்தால், மேலே வீரமாமுனிவருக்குச் செய்ததுபோல உள்தலைப்புகளாகப் பிரிப்பது உதவும். உள்தலைப்புகளும் அகரவரிசையிலேயே இருக்கலாம்.

‘காண்க’ என்ற வழிகாட்டி வரியில் பக்க எண் இருக்கக் கூடாது. எண்ணெல்லாம் தலைமைப் பெயரிடம்தான். ஒரு விலக்கு உண்டு. ஒருவருக்கு மொத்தமே ஒன்றிரண்டு பக்க எண்கள் இருந்தால், வழிகாட்டிக்குப் பதிலாக இரண்டு இடத்திலும் எண்ணையே போட்டுவிடலாம். வாசகருக்கு ஒரு முறை பக்கம் புரட்டும் வேலை மிச்சம். அப்போது இரண்டு இடத்திலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

கடைசிச் சரிபார்ப்பு

அச்சுக்கு அனுப்பும் முன் நான்கு சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது, ஒவ்வொரு ‘காண்க’ வரியையும் பின்தொடர்ந்து பார்ப்பது. அது காட்டும் பெயர் உண்மையில் அடைவில் இருக்க வேண்டும், அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும், அங்கே பக்க எண் இருக்க வேண்டும். பெஸ்கி வீரமாமுனிவரைக் காட்ட, வீரமாமுனிவர் பெஸ்கியைக் காட்டினால் வாசகர் வட்டமடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, எண்களை மட்டும் ஓட்டமாகப் பார்ப்பது. ஒரு பெயருக்கு எதிரே எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக ஏற வேண்டும். எந்த எண்ணும் உள்ளடக்கத்தின் கடைசிப் பக்கமான 232ஐத் தாண்டக் கூடாது. ‘312’ என்று ஒன்று தென்பட்டால் அது 132 அல்லது 212ஆக இருந்திருக்கும். மூன்றாவது, பத்துப் பெயருக்கு ஒன்று வீதம் எடுத்து, காட்டிய பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது. தொடர்ந்து இரண்டு மூன்று பெயர்கள் ஒரே அளவில் தவறினால், அடைவு எடுத்த பிறகு பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது நகர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேற்பட்ட எல்லா எண்களையும் திருத்த வேண்டும்.

நான்காவது, எதிர்த்திசைச் சோதனை. நூலின் நடுவே ஏதாவது ஐந்து பக்கங்களை எடுத்து, அவற்றில் உள்ள பெயர்கள் அடைவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனை தவறான எண்ணைத்தான் காட்டும். விடுபட்ட பெயரைக் காட்டுவது இந்தச் சோதனை மட்டுமே.

எட்டுப் பக்கத்துக்குள் அடைவு அடங்காமல் போனால், எழுத்தைச் சிறிதாக்குவதை விட, வந்துபோகிற குறிப்புகளை நீக்குவது நல்லது. ‘காண்க’ வரிகளில் மட்டும் கைவைக்கக் கூடாது. ‘பெஸ்கி’ என்று தேடுகிறவரை வீரமாமுனிவரிடம் கொண்டுசேர்ப்பது அந்த ஒற்றை வரிதான்.